மேனேஜரின் காட்டமான மெயிலுக்குப் பதில் எழுதுவது எப்படி: வாதாடாமல், கெஞ்சாமல்

மேனேஜரிடமிருந்து வருகிற காட்டமான மெயிலில் சொன்னதெல்லாம் சரி என்றால் பதில் எழுதுவது சுலபம், எல்லாமே தப்பு என்றாலும் ஓரளவு சுலபம்தான். சொன்னதில் ஒன்று உண்மை, ஒன்று பாதி உண்மை, இன்னொன்று நம் குணத்தைப் பற்றிய பொத்தாம்பொதுவான ஒரு வரி என்று கலந்து வரும்போதுதான் கை தடுமாறுகிறது, பெரும்பாலான மெயில்கள் அப்படித்தான் வருகின்றன. அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு வாதாடப் போகிறவர், உண்மையான பகுதியையும் ஒப்புக்கொள்ளாதவர் மாதிரி தெரிவார். வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறவர், தான் செய்யாததையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டுவிடுவார். இந்த வழிகாட்டி அந்தக் கலப்பு மெயிலுக்காக எழுதுவது. ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடு போகிறேன்.

## உதாரண மெயில்

நீங்கள் ஒரு வாடிக்கையாளருக்கு மாதாந்திர விற்பனை ரிப்போர்ட் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் மதியம் போக வேண்டியது, புதன் மாலைதான் போனது. வியாழன் மதியம் 3 மணிக்கு மேனேஜரிடமிருந்து இது வருகிறது:

> செப்டம்பர் மாத ரிப்போர்ட்டில் மொத்த விற்பனைத் தொகை தவறு. வாடிக்கையாளரே கண்டுபிடித்து எனக்கு போன் செய்தார்கள். ரிப்போர்ட்டும் ஒரு நாள் தாமதம், தாமதமாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகவே நீங்கள் பொறுப்பெடுத்து வேலை செய்வதாகத் தெரியவில்லை. இது தொடரக் கூடாது.

படித்த உடனே கண் எந்த வரியில் போய் நிற்கும்? அநேகமாக "பொறுப்பெடுத்து" என்ற வரியில்தான். அடுத்து "யாரும் சொல்லவில்லை" என்ற வரியில், ஏனென்றால் நீங்கள் டீம் குரூப்பில் சொல்லியிருக்கிறீர்கள். மேனேஜருக்கு இந்த நிமிஷம் எரிகிற விஷயமோ முதல் வரியில் இருக்கிறது: தப்பான தொகை வாடிக்கையாளர் கையில் இருக்கிறது, அவர் மறுபடி போன் செய்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நம் மனசு கடைசி வரியில் ஆரம்பிக்கும், பதில் முதல் வரியில் ஆரம்பிக்க வேண்டும். இதைப் பழக்கப்படுத்திக்கொண்டால் மிச்சமெல்லாம் அவ்வளவு கஷ்டமில்லை.

## முதலில் ஒரு மூன்று வரி

முழுப் பதிலை உடனே எழுத வேண்டாம். ஆனால் ஒன்றுமே எழுதாமல் அடுத்த நாள்வரை விட்டுவைப்பதும் சரியில்லை, அந்த மௌனத்துக்கு அவர் ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்வார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஒரு மணி நேரத்துக்குள் இதை அனுப்புங்கள்:

> பார்த்தேன். தொகையை இப்போதே மூலத் தரவோடு சரிபார்க்கிறேன். என்ன நடந்தது என்பதும் திருத்திய ரிப்போர்ட்டும் நாளை காலை 11 மணிக்குள் உங்களுக்கு வரும்.

இதில் மன்னிப்பு இல்லை, காரணமும் இல்லை. என்ன நடந்தது என்றே இன்னும் பார்க்காதபோது இரண்டையும் எழுத முடியாது, எழுதினால் அது ஊகம்தான். இந்த மெயிலில் ஒரே ஒரு வாக்குறுதி இருக்கிறது, அதில் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நிச்சயம் காப்பாற்ற முடிகிற மாதிரி வையுங்கள். 11 மணி என்று சொல்லிவிட்டு மதியம் 2 மணிக்கு அனுப்பினால் தாமதம் பற்றிய அவருடைய புகாருக்கு நீங்களே இன்னொரு சாட்சி கொடுத்த மாதிரி ஆகும்.

பதிலை மெயில் பெட்டியில் அவர் முகவரி ஏறிய நிலையில் எழுதாதீர்கள், தனியாக ஒரு கோப்பில் எழுதுங்கள். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பிடிக்கிற வசதியை நம்ப வேண்டாம், ஜிமெயிலில் அது அதிகபட்சம் 30 நொடிதான், கோபம் 30 நொடியில் இறங்காது.

## மெயிலை மூன்றாகப் பிரியுங்கள்

இப்போது அவர் எழுதியதை ஒரு தாளில் வரிவரியாக எடுத்து எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: சரி, திருத்த வேண்டியது, தெளிவில்லாதது. எந்தப் பெட்டியில் போடுவது என்பதை மனசைக் கேட்டு முடிவு செய்யாமல் ஆதாரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோப்பைத் திறந்து பாருங்கள், மெயில் தேதிகளைப் பாருங்கள், குரூப்பில் நீங்கள் எழுதியதை மறுபடி வாசியுங்கள்.

நம் உதாரணத்தில் பார்த்தால், தொகை தவறு என்பது சரி. கோப்பைத் திறந்தால் காரணமும் தெரிகிறது: திரும்பி வந்த சரக்கின் மதிப்பைக் கழிக்கிற இடத்தில், ஆகஸ்ட் கோப்பிலிருந்து நகலெடுத்தபோது ஆகஸ்ட் தொகையே நின்றுவிட்டது. அதனால் மொத்தம் சுமார் 2% கூடுதலாகக் காட்டியது. ரிப்போர்ட் ஒரு நாள் தாமதம் என்பதும் சரி.

"எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய வரி. செவ்வாய் காலை 10:40-க்கு நீங்கள் டீம் குரூப்பில் எழுதியிருக்கிறீர்கள்: "தரவு இன்னும் வரவில்லை, ரிப்போர்ட் நாளைக்குத்தான் போகும்போல." ஆகவே சொன்னீர்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் குரூப்பில் அன்று காலை வேறு ஏகப்பட்ட பேச்சு ஓடியிருக்கிறது, மேனேஜர் அந்த மெசேஜுக்கு எந்தப் பதிலும் போடவில்லை, வாடிக்கையாளருக்கு யாருமே சொல்லவில்லை. நீங்கள் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. வாதாடுகிற பதிலுக்கும் நல்ல பதிலுக்கும் உள்ள பிரிவு இந்த இடத்தில்தான் வருகிறது, ஏனென்றால் வாதாடுகிறவர் முதல் உண்மையை மட்டும் எழுதுவார், கெஞ்சுகிறவர் இரண்டாவதை மட்டும் எழுதுவார்.

கடைசி வரி, பொறுப்பெடுத்துச் செய்வதில்லை என்பது, தெளிவில்லாதது. அதில் எந்த நாள், எந்த வேலை, என்ன செய்தீர்கள் அல்லது செய்யவில்லை என்று ஒன்றும் இல்லை. இதை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. "நான் பொறுப்பானவன்தான்" என்று எழுதினால் அடுத்த மெயிலில் ஒரு பட்டியல் வரும், "இனி பொறுப்பாக இருக்கிறேன்" என்று எழுதினால் இதுவரை இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. இதற்கு ஒரே பதில், எந்த வேலையைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்பது. எப்படிக் கேட்பது என்பதைக் கீழே பார்க்கலாம்.

## இரண்டு தப்பான பதில்கள்

சரியானதை எழுதுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இரண்டுமே எழுதும்போது சரியாகத்தான் தோன்றும். முதலாவது:

> தரவு செவ்வாய் மாலைதான் என் கைக்கு வந்தது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. தாமதம் பற்றி நான் ஏற்கனவே குரூப்பில் தெரிவித்திருந்தேன், ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். தொகையைப் பொறுத்தவரை, பழைய கோப்பின் வடிவமைப்பில் இருந்த பிரச்சினை அது. ரிப்போர்ட்டை இன்னொருவரும் பார்த்தார், அவரும் கவனிக்கவில்லை. பொறுப்பில்லை என்று சொல்வது வருத்தமாக இருக்கிறது, போன மாதம் இரண்டு சனிக்கிழமை வந்து வேலை செய்திருக்கிறேன்.

இதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்கு ஒரு விஷயம்கூடக் கைக்கு வரவில்லை: தொகை இப்போது சரியாகிவிட்டதா, வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது, அடுத்த மாதம் இதே நடக்குமா? எல்லா வரியும் "என்மேல் தப்பில்லை" என்பதற்காக எழுதியவை. ஸ்கிரீன்ஷாட்டைக் கவனியுங்கள். தகவலாக "10:40-க்கு எழுதினேன்" என்று சொன்னால் போதும், அவர் வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்வார். படத்தை இணைக்கும்போது அது சாட்சி விசாரணை ஆகிவிடுகிறது, எதிர்க் கட்சியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவரும் பார்த்தார் என்ற வரி அதைவிட மோசம், அந்தச் சக ஊழியர் உங்களோடு இனி எப்படி வேலை செய்வார் என்று யோசியுங்கள்.

இரண்டாவது:

> மிகவும் மன்னிக்கவும். இப்படி நடந்ததற்கு வார்த்தையே இல்லை. முழுக்க முழுக்க என் தவறுதான். நீங்கள் என்மேல் வைத்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது மிகவும் வேதனையாக இருக்கிறது. இனி ஒருபோதும் இப்படி நடக்காது என்று உறுதி அளிக்கிறேன். தயவுசெய்து மன்னித்துவிடுங்கள்.

இது பணிவாகத் தெரியலாம். ஆனால் முதல் பதிலில் என்ன இல்லையோ அதுவேதான் இதிலும் இல்லை. தொகை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "முழுக்க முழுக்க" என்ற வார்த்தையால் வேறு டீமிடமிருந்து தரவு தாமதமாக வந்ததும் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது, அந்தப் பிரச்சினையை இனி யாரும் சரிசெய்யப் போவதில்லை, அடுத்த மாதமும் தரவு தாமதமாகத்தான் வரும். "ஒருபோதும் நடக்காது" என்பதை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், இந்த மெயிலைப் படித்தவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார், வேலை நடுவில் அது அவருக்கு எரிச்சலைத்தான் தரும்.

மன்னிப்பைப் பற்றி ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்டது. மன்னிப்பில் இருக்கக்கூடிய ஆறு கூறுகளை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்று மனம் வருந்துவது, சரிசெய்து தருவது, மன்னிக்கும்படி கேட்பது. படிக்கிறவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது, அடுத்து சரிசெய்து தருவது. மிகக் குறைவாக எடுபட்டது மன்னிக்கும்படி கேட்பது. மேலே உள்ள இரண்டாவது பதிலில் பாதி இடம் அந்தக் கடைசிக் கூறுக்கும் வருத்தத்துக்கும்தான் போயிருக்கிறது.

## பதிலை எழுதும் வரிசை

சரியானதை முதலில், திருத்த வேண்டியதை அடுத்து, தெளிவில்லாததைக் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் பத்தியில் உங்கள் பிழையை நேராக ஒப்புக்கொண்டிருந்தால், பின்னால் நீங்கள் ஒரு தகவலைத் திருத்தும்போது அது தப்பிக்கிற முயற்சியாகத் தெரியாது. அதே திருத்தம் முதல் வரியில் வந்தால், எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் சண்டைக்கு வருகிற மாதிரிதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை போக வேண்டிய மெயில் இது:

> வணக்கம்,
>
> செப்டம்பர் ரிப்போர்ட்டில் மொத்தத் தொகை தவறாகப் போனது என் பிழை. அது வாடிக்கையாளர் சொல்லி உங்களுக்குத் தெரிய வந்ததற்கு வருந்துகிறேன்.
>
> திரும்பி வந்த சரக்கின் மதிப்பாக ஆகஸ்ட் தொகையே கழிந்திருக்கிறது, பழைய கோப்பை நகலெடுத்தபோது நான் அதை மாற்றவில்லை. மொத்தம் சுமார் 2% கூடுதலாகக் காட்டியது. மற்ற பக்கங்களையும் மூலத் தரவோடு ஒப்பிட்டுவிட்டேன், வேறு பிழை இல்லை. திருத்திய ரிப்போர்ட்டும் வாடிக்கையாளருக்கு எழுதிய சிறு குறிப்பும் இணைப்பில் உள்ளன. நீங்கள் சரி என்றால் இன்று மாலை 4 மணிக்குள் அனுப்பிவிடுகிறேன்.
>
> அக்டோபர் ரிப்போர்ட்டிலிருந்து, அனுப்பும் முன் மொத்தத் தொகையைக் கணக்குப் பிரிவின் தொகையோடு ஒப்பிட்டு, இரண்டு எண்களையும் உங்களுக்கு வரும் மெயிலில் எழுதுகிறேன்.
>
> தாமதம் பற்றி: திங்கள் வர வேண்டிய தரவு செவ்வாய் மாலை வந்தது. ரிப்போர்ட் புதனுக்குத் தள்ளிப்போகும் என்று செவ்வாய் காலை 10:40-க்கு டீம் குரூப்பில் எழுதினேன். உங்களுக்குத் தனியாக எழுதவில்லை, வாடிக்கையாளருக்கும் சொல்லவில்லை. இனி கெடு தள்ளிப்போகும் என்று தெரிந்த உடனே உங்களுக்கு நேரடியாக எழுதி, வாடிக்கையாளருக்கு யார் சொல்வது என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> பொறுப்பெடுத்துச் செய்வது பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த ரிப்போர்ட் தவிர வேறு எந்த வேலைகளில் அப்படித் தோன்றியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். திங்கள் அல்லது செவ்வாய் 15 நிமிடம் பேச முடியுமா?

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வருத்தம் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் எதற்கு என்று சொல்லி வருகிறது. பிழை நடந்ததற்குப் பொதுவாக வருந்துவதைவிட, அவர் பட்ட சங்கடத்தைக் குறிப்பிட்டு வருந்துவது அவருக்குப் புரியும், நீங்கள் அவர் பக்கத்திலிருந்து யோசித்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அதற்குமேல் "மன்னிக்கவும்" என்று இன்னொரு இடத்தில் எழுதக் கை போனால் அந்த இடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

காரணம் ஒரே வாக்கியம். காரணம் சொல்வதே தற்காப்பு என்று நினைத்துச் சிலர் அதை விட்டுவிடுகிறார்கள், அது தப்பு. என்ன காரணம் என்று தெரியாவிட்டால் இது மறுபடி நடக்குமா என்பதை அவரால் கணிக்க முடியாது. காரணத்துக்கும் சாக்குக்கும் வித்தியாசம் அந்த வாக்கியத்தில் செயல் யாருடையது என்பதில் இருக்கிறது. "கோப்பில் பழைய தொகை இருந்துவிட்டது" என்று எழுதினால் கோப்புதான் செய்தது. "நான் அதை மாற்றவில்லை" என்று எழுதினால் நீங்கள் செய்தது. செய்தது நீங்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். அதே மாதிரி தரவு தாமதமாக வந்தது உங்கள் செயல் இல்லை என்றால் அதை வெறும் தேதியாக எழுதுங்கள், எந்த டீம், யார் என்று பெயர் சொல்லிப் பழி போட வேண்டாம். அது யாருடைய வேலை என்று அவருக்கே தெரியும்.

"இனிக் கவனமாக இருக்கிறேன்" என்ற வரி இந்த மெயிலில் எங்கேயும் இல்லை என்பதையும் பாருங்கள். அதற்குப் பதிலாக, வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்குக் கண்ணில் தெரிகிற ஒரு மாற்றம் இருக்கிறது: மெயிலில் இரண்டு எண்கள் வரும். வந்தால் செய்தீர்கள், வராவிட்டால் செய்யவில்லை. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வாக்குறுதியையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: செய்தேனா இல்லையா என்று அவரால் என்னைக் கேட்காமலே தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது என்றால் அந்த வரியை மாற்றுங்கள். ஒன்று அல்லது இரண்டு மாற்றம் போதும், ஐந்தாறு சொன்னால் காப்பாற்ற முடியாது.

தாமதம் பற்றிய பத்தியில் "ஆனால்" என்ற சொல் வரவில்லை. "எழுதினேன், ஆனால் நீங்கள் பார்க்கவில்லை" என்றால் குற்றச்சாட்டு. "எழுதினேன். உங்களுக்குத் தனியாக எழுதவில்லை" என்றால் இரண்டு உண்மைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, முடிவை அவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் சொன்னது பதிவாகிவிட்டது, அவரை முட்டாளாக்கவும் இல்லை.

குணத்தைப் பற்றிய வரிக்குப் பதில் எழுதும்போது "உதாரணம் சொல்ல முடியுமா" என்று மட்டும் கேட்டால் அது சவால் மாதிரி ஒலிக்கும். "இந்த ரிப்போர்ட் தவிர" என்ற சிறு தொடர் அந்தக் கூர்மையை எடுத்துவிடுகிறது, ஏனென்றால் ஒரு உதாரணம் ஏற்கனவே இருக்கிறது என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பேசுவதற்கு நேரம் கேட்பதும் அதனால்தான். குணம் பற்றிய பேச்சை மெயிலில் நடத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் சூடு ஏறும்.

## அனுப்பும் முன்

2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மெயிலில் நம் தொனி எதிரில் இருப்பவருக்குப் புரியும் என்று நாம் நினைப்பதைவிட உண்மையில் குறைவாகவே புரிகிறது என்று காட்டியது. எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, படிக்கிறவருக்கு அது கேட்பதில்லை. ஆகவே உங்கள் மெயிலை ஒருமுறை எரிச்சலான குரலில் வாய்விட்டுப் படியுங்கள். அந்தக் குரலில் எந்த வரி குத்துகிறதோ அதைத்தான் அவரும் குத்தலாகப் படிப்பார், ஏனென்றால் அவர் ஏற்கனவே கோபத்தில் இருக்கிறார்.

இந்தச் சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள்: "ஏற்கனவே", "நான் சொன்னபடி", "உண்மையில்", "தங்கள் கவனத்திற்கு", "என்னைப் பொறுத்தவரை". இவற்றில் எதையும் எடுத்துவிட்டால் வாக்கியத்தின் பொருள் மாறாது, சூடு மட்டும் குறையும். இன்னொரு பக்கம் "மிகவும்", "தயவுசெய்து", "வேதனை", "நம்பிக்கை" ஆகியவற்றைத் தேடுங்கள், அவையும் எடுத்தால் ஒன்றும் குறையாது.

## சிசியில் ஆட்கள் இருந்தால்

அவர் அனுப்பிய மெயிலில் நாலு பேர் சிசியில் இருந்தால் மனசு இன்னும் கொதிக்கும், எல்லோர் முன்னாலும் என் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அப்போது மெயிலை இரண்டாகப் பிரியுங்கள். எல்லோருக்கும் போகிற பதிலில் தொகையும் அதற்கான திருத்தமும், எப்போது அனுப்புகிறீர்கள் என்பதும் மட்டும் இருக்கட்டும், நாலு வரி போதும். தாமதம் பற்றிய விளக்கமும் பொறுப்பு பற்றிய கேள்வியும் மேனேஜருக்கு மட்டும் தனியாக. எல்லோரையும் எடுத்துவிட்டுத் தனியாக மட்டும் பதில் போட்டால், மற்றவர்கள் பார்வையில் தப்பான தொகை திருத்தப்படாமலே நிற்கும். புதிதாக யாரையும், முக்கியமாக அவருடைய மேலதிகாரியையோ மனிதவளப் பிரிவையோ, சிசியில் சேர்க்காதீர்கள். சேர்த்த நிமிஷத்திலிருந்து பேச்சு ரிப்போர்ட்டைப் பற்றியதாக இருக்காது.

## இப்படிப் பதில் சொல்லக் கூடாத சமயங்கள்

அவர் எழுதியது அதிகாரபூர்வமான எச்சரிக்கைக் கடிதமாகவோ, குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை மேம்படுத்த வேண்டும் என்ற திட்டத்தின் பகுதியாகவோ இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அந்த மெயில் நாளைக்குக் கோப்பில் இருக்கும், நீங்கள் நட்பாக எழுதிய "என் பிழை" அங்கே வேறு மாதிரி படிக்கப்படும். அப்போது பெற்றுக்கொண்டேன், எந்தத் தேதிக்குள் பதில் தருகிறேன் என்று மட்டும் எழுதுங்கள். அந்த இடைவெளியில் நிறுவன விதிகளைப் படியுங்கள், தேதிகளையும் மெயில்களையும் வரிசைப்படுத்துங்கள், விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். நடந்தது என்ன என்று உறுதியாகத் தெரிகிறவற்றுக்கு மட்டும் பொறுப்பேற்று எழுதுங்கள்.

மெயிலில் வசவு இருந்தாலும் அப்படித்தான். வேலை பற்றிய பகுதிக்குப் பதில் எழுதிவிட்டு, வசவைத் தொடாமல் விடுங்கள், மெயிலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு தடவையோடு நின்றால் சரி, தொடர்ந்தால் அதை எடுத்துப் போகிற இடம் வேறு, அங்கே உங்கள் நிதானமான பதில்களும் கூடவே போகும்.

## அனுப்பிய பிறகு

பதிலாக "சரி" என்று ஒரே வார்த்தை வரலாம். அதைத் துருவாதீர்கள், கோபம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு இன்னொரு மெயில் போட வேண்டாம். மாலை 4 மணிக்கு அனுப்புவதாகச் சொன்னதை அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று ஒரு வரி. மறுபடியும் கோபமாக எழுதினால், முன்பு சொன்ன விளக்கத்தைத் திரும்ப எழுதாதீர்கள், புதிதாக அவர் கேட்டிருப்பது எது என்று தேடி அதற்கு மட்டும் பதில். புதிதாக ஒன்றுமில்லை என்றால் மெயிலை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பேசுங்கள், அல்லது போன் செய்யுங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது அடுத்த மாத மெயில். அக்டோபர் ரிப்போர்ட் போகும்போது மேனேஜருக்கு இவ்வளவு எழுதுங்கள்:

> அக்டோபர் ரிப்போர்ட் இணைப்பில். மொத்தத் தொகையும் கணக்குப் பிரிவின் தொகையும் ஒன்றாகவே உள்ளன, இரண்டும் கீழே. திரும்பி வந்த சரக்கு அக்டோபர் மாதத்துடையது என்று சரிபார்த்தேன்.

செப்டம்பரில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டாம், அவரே நினைத்துக்கொள்வார். தரவு மறுபடி தாமதமானால், திங்கள் மாலையே அவருக்கு நேரடியாக மெயில் போயிருக்க வேண்டும், செவ்வாய் காலை 10:40-க்கு இல்லை. நீங்கள் கேட்ட அந்த 15 நிமிடப் பேச்சுக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்றால், வழக்கமாக அவரோடு பேசுகிற அடுத்த சந்திப்பில் ஒரு தடவை கேளுங்கள்: "அன்றைக்குப் பொறுப்பு பற்றி எழுதியிருந்தீர்கள், ரிப்போர்ட் விஷயம் சரியாகிவிட்டது, வேறு ஏதாவது வேலையை மனசில் வைத்துச் சொன்னீர்களா?" ஏதாவது சொன்னால் குறித்துக்கொண்டு அதற்கும் இதே மாதிரி ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.